வெள்ளிக்கிழமை லீவு விடும் அமெரிக்கா

தாமதமாகப் போக முடிகிற வேலைதான் உண்மையான வேலை என்று எனக்குத் தோன்றியது புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில், திருச்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த ஒரு காலையில். செல்போனில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மாள் எழுதியிருந்தார். "இன்று காலை உங்களுக்காகக் காத்திருந்தோம், நீங்கள் வரவில்லை. எல்லாம் நலம்தானே? வேறொரு நாள் வைத்துக்கொள்ளலாமா?"

படித்ததும் முதலில் வெட்கமாக இருந்தது. அடுத்த நொடியே, பஸ் கண்டக்டர் "திருச்சி திருச்சி" என்று கத்திக்கொண்டிருந்தபோதே, வேறொன்று பிடிபட்டது. அங்கே நிஜமாகவே ஒரு காலை ஒன்பது மணி இருந்திருக்கிறது. நிஜமான ஆட்கள் நாற்காலியில் உட்கார்ந்து அந்த ஒன்பது மணியைக் கடந்திருக்கிறார்கள். நான்தான் பிந்திவிட்டேன். கையில் இருந்த இன்னொரு வேலைக்கு நான் என்ன செய்தாலும் பிந்திப் போக முடியாது. ஏனென்றால் அதில் நேரம் என்ற ஒன்றே கிடையாது.

இதைப் புரியும்படி சொல்ல வேண்டுமானால் இரண்டு வாரம் பின்னால் போக வேண்டும்.

அப்போது நான் திருச்சியில் ஒரு மெடிக்கல் பில்லிங் அலுவலகத்தில் இருந்தேன். அமெரிக்க ஆஸ்பத்திரிகளின் பில்களை அங்குள்ள இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு ஏற்றபடி சரிசெய்து அனுப்பும் வேலை. நேரில் பேச யாரும் இல்லை. அவர்கள் தூங்கும்போது நாங்கள் செய்வோம், நாங்கள் தூங்கும்போது அவர்கள் பார்ப்பார்கள். தினமும் திருமயத்திலிருந்து புதுக்கோட்டை, புதுக்கோட்டையிலிருந்து திருச்சி, பிறகு அதே வழியில் திரும்புதல். ஜன்னலோர சீட் கிடைத்தால் அது நல்ல நாள்.

ஒருநாள் மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டுத் திருச்சிக் கிளையை மூடப்போவதாகச் சொன்னார். சென்னைக்கு வருகிறவர்கள் வரலாம், சம்பளம் இதேதான். வருகிறேன், வரவில்லை என்று மாத முடிவுக்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். எழுதிக் கொடுத்தபின் மாற்ற முடியாது.

சென்னை எனக்குப் பிடிக்காது என்றெல்லாம் இல்லை. ஆனால் அதே வேலை, அதே சம்பளம், அதில் பாதியை வாங்கிக்கொள்ளும் ஒரு விடுதிக் கட்டில் என்பதில் முன்னேற்றம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களோடு ஒரு வார்த்தை பேசாமலே அவர்களுடைய பில்லைப் பார்த்துப் பார்த்து அலுத்திருந்தேன். வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு வேலை தேட ஆரம்பித்தேன். கண்ணில் பட்டதற்கெல்லாம் விண்ணப்பித்தேன். இரண்டு பதில் வந்தது.

முதல் பதில் செல்போனுக்குச் செய்தியாக வந்தது. உலகத்துக்கே தெரிந்த பெரிய கம்பெனியின் பெயர், அதன் சின்னம், கீழே "ஹெச்.ஆர்." என்று ஒருவர். எழுத்திலேயே ஐந்தாறு கேள்வி கேட்டார். மறுநாளே மின்னஞ்சலில் வேலை உத்தரவு வந்தது. வட்டமாக ஒரு முத்திரை, நீல மையில் கையெழுத்து, இப்போதைய சம்பளத்தைப் போல இரண்டு மடங்கு. அமெரிக்க வாடிக்கையாளர்களின் போனை எடுத்துப் பேசும் வேலை. லேப்டாப் கூரியரில் வரும், அதற்குத் திருப்பித் தரப்படும் டெபாசிட் கட்ட வேண்டும், ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளையும் அனுப்பிவைக்க வேண்டும் என்றிருந்தது. வேலை நேரம் பற்றி ஒரு வரியும் இல்லை.

இரண்டாவது, கால்நடை மருத்துவமனைகளுக்கு மென்பொருள் விற்கும் ஒரு சின்ன கம்பெனி. நாய்க்கும் பூனைக்கும் அப்பாயின்ட்மென்ட் போடுவது, ஊசி போடும் தேதியை நினைவூட்டுவது, இப்படிப்பட்ட மென்பொருள். அதை வாங்கியவர்களுக்குச் சந்தேகம் வந்தால் தீர்த்துவைக்க ஆள் தேவை. முத்திரை இல்லை, உத்தரவு இல்லை. "உங்கள் விண்ணப்பத்தைப் படித்தோம், செவ்வாய்க்கிழமை எங்கள் கிழக்குக்கரை நேரப்படி காலை ஒன்பது மணிக்கு வீடியோவில் பேசலாமா?" என்று நான்கு வரி.

இரண்டையும் மாமாவிடம் காட்டினேன். மாமா என் அம்மாவின் தம்பி. குவைத்தில் பல வருஷம் இருந்துவிட்டு வந்து இப்போது பைபாஸில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். வெளிநாட்டு வேலை என்றால் எங்கள் குடும்பத்தில் அவர் சொல்வதுதான் முடிவு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, போனைத் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

"இது வேலை," என்றார் முத்திரை இருந்ததைக் காட்டி. "இது வெட்டிப் பேச்சு," என்றார் நான்கு வரியைக் காட்டி.

"காசு கேக்குறாங்களே மாமா?"

"கேக்கத்தான் செய்வான். நான் போகையில ஏஜென்ட்டு கேக்கலயா? காசு, பாஸ்போர்ட்டு, மெடிக்கலு எல்லாம் குடுத்துட்டுத்தான் பிளேன்ல ஏறுனேன். ஏறுனேனா இல்லயா? சும்மா கூப்புடுறவன நம்பிடாத தாயி. ஒண்ணும் வாங்காம ஒனக்கு ஒருத்தன் எதுக்கு வேலை குடுக்கணும்?"

இதை மடத்தனம் என்று தள்ள என்னால் முடியவில்லை. எங்கள் தெருவில் வெளிநாடு போன எல்லோரும் அப்படித்தான் போனார்கள். பணம் கொடுத்தார்கள், ஒரிஜினலைக் கொடுத்தார்கள், காத்திருந்தார்கள், பெரும்பாலும் போய்ச் சேர்ந்தார்கள். ஏமாந்தவர்களும் உண்டு. ஆனால் அவர்கள் பணம் கொடுத்ததால் ஏமாந்ததாக யாரும் நினைக்கவில்லை, தவறான ஏஜென்டிடம் கொடுத்ததால் ஏமாந்ததாகத்தான் நினைத்தார்கள். எங்கள் ஊரில் பணம் கேட்பது வேலை நிஜம் என்பதற்கு அடையாளம். டெபாசிட்டைத் தானே கட்டுவதாக மாமா சொன்னார். அன்று மாலைக்குள் அவர் கடைக்கு ஆணி வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நான் அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதும் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை இன்டர்வியூவுக்கு எதற்கும் பேசிப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். அமெரிக்காவில் ஒன்பது மணி என்றால் நமக்கு எத்தனை மணி? அதற்காக இணையத்தில் தேட வேண்டிய அவசியமே எனக்கு இல்லை. எங்கள் அலுவலகச் சுவரில் இரண்டு கடிகாரம் இருந்தன. ஒன்றின் கீழ் இந்தியா, இன்னொன்றின் கீழ் அமெரிக்கா. இரண்டுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். அப்படியானால் அங்கே காலை ஒன்பது, இங்கே இரவு ஏழரை. அன்று பர்மிஷன் போட்டு முன்னதாகவே கிளம்பினேன். ஆறரை மணிக்குப் புதுக்கோட்டையில் பஸ் மாறும்போது நேரம் இருக்கிறதே என்று நிதானமாக ஒரு சமோசா தின்றேன். ஏழே கால் மணிக்கு வீட்டில், தலை சீவி, பின்னால் வெள்ளைச் சுவர் தெரிய உட்கார்ந்து, ஏழரைக்கு அவர்கள் அனுப்பிய இணைப்பைத் திறந்தேன். யாரும் இல்லை. எட்டு மணி வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நான் சொல்லல?" என்றார் மாமா, கதவருகில் நின்று. "ஆளே இல்லாத கம்பெனி."

அடுத்த நாள் காலை அந்த மின்னஞ்சல் வந்தது. அலுவலகத்துக்குப் போனதும் அமெரிக்கக் கடிகாரத்தின் கீழ் போய் நின்று பார்த்தேன். பிறகு இணையத்தில் பார்த்தேன். அந்த ஊரில் மார்ச் மாதம் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளுவார்கள், நவம்பரில் பின்னால் இழுப்பார்கள். கோடையில் வித்தியாசம் ஒன்பதரைதான். சுவரில் இருந்த கடிகாரத்தை மார்ச்சில் யாரும் தொடவில்லை. தொட வேண்டிய தேவையும் இருக்கவில்லை. அமெரிக்கர் ஒருவரோடும் பேசாத வேலையில் அது ஒரு மணி நேரம் தப்பாக ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் சமோசா தின்ற ஆறரை மணிதான் அவர்களுடைய ஒன்பது.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். சுவர்க் கடிகாரத்தைப் பற்றியும் எழுதினேன். வியாழக்கிழமை, உங்கள் நேரம் மாலை ஆறரை என்று இந்த முறை எங்கள் நேரத்திலேயே குறித்துப் பதில் வந்தது.

ஆனால் பஸ் ஸ்டாண்டில் தோன்றிய யோசனை தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அன்று மாலை மாமா கடைக்கு நேராகப் போனேன். முத்திரைக் கம்பெனியின் ஹெச்.ஆர். டெபாசிட் கேட்டுப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தார். பெயின்ட் டப்பாக்களுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். போன் வந்ததும் ஸ்பீக்கரில் போட்டேன்.

"சார், கஸ்டமர்ஸ் எந்த ஊர்க்காரங்க?"

"யு.எஸ். மேடம். ஃபுல்லா யு.எஸ்."

"நான் எந்த நேரத்துல வேலை பாக்கணும்?"

"உங்க விருப்பம் மேடம். எப்ப வேணா லாகின் பண்ணலாம். டோட்டல் ஃப்ளெக்சிபிள்."

"பகல் பதினோரு மணிக்கு உக்காந்தா?"

"தாராளமா உக்காருங்க மேடம்."

"அப்ப அங்க நடுராத்திரி தாண்டியிருக்கும். போன் எடுத்துப் பேசுற வேலைன்னு போட்டிருக்கீங்க. தூங்குறவங்க எப்படிங்க போன் பண்ணுவாங்க?"

"அதெல்லாம் சிஸ்டமே மாத்திக்கும் மேடம்."

"நவம்பர்ல அவங்க கடிகாரத்த மாத்துவாங்களே, அப்ப ஷிஃப்ட்டு?"

"சிஸ்டம் பாத்துக்கும் மேடம். நீங்க டெபாசிட்ட மட்டும் முடிச்சிட்டீங்கன்னா..."

மாமாவுக்கு என் கேள்விகள் பிடிக்கவில்லை. வேலை கொடுப்பவனிடம் இத்தனை கேள்வி கேட்பது அவருக்கு மரியாதையாகப் படவில்லை. போனைப் பிடுங்கி, பெரியவர் என்ற உரிமையோடு பேசினார்.

"தம்பி, அது சின்னப் புள்ள, அப்பிடித்தான் நோண்டும். நீங்க ஒண்ணு மட்டும் சொல்லுங்க. வார லீவு உண்டுல்ல?"

"கண்டிப்பா சார். வெள்ளிக்கிழமை லீவு."

மாமா முகம் மலர்ந்து என்னைப் பார்த்தார். "பாத்தியா? கரெக்டா சொல்றான்." குவைத்தில் அத்தனை வருஷமும் அவருக்கு வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. வெளிநாடு என்றால் வெள்ளி. அவருக்கு அதில் சந்தேகமே இல்லை.

"மாமா," என்றேன் மெதுவாக, "அமெரிக்காவுல சனி, ஞாயிறு."

மாமா போனைப் பார்த்தார். போனில் இருந்தவன் "சார்? சார்?" என்றான். மாமாவின் முகத்தில் ஒன்றன்பின் ஒன்றாக நடந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் ஆணி எடைபோட்டுக்கொண்டிருந்தவர்கூட நிறுத்திவிட்டார்.

"தம்பி," என்றார் மாமா கடைசியில், "முன்னாடி நீ துபாய்க்கு ஆள் அனுப்புனியா, சவுதிக்கா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. இரண்டு நிமிடத்தில் அந்தச் செய்திகளின் மேலிருந்த சின்னமும் காணாமல் போயிற்று. மாமா சைபர் குற்றப் புகார் எண்ணைத் தேடச் சொன்னார். தேடிக் கொடுத்தேன். அவரே பேசினார், மிகவும் விரிவாக.

"பழைய யாவாரத்துக்குப் புது போர்டு மாட்டியிருக்கான்," என்றார் பிறகு, தராசைத் துடைத்தபடி. "போர்ட மாத்துனவன் லீவ மாத்த மறந்துட்டான்." தெருவில் நான் அமெரிக்கக் கம்பெனியில் சேர்ந்த செய்தியை என்ன செய்வது என்று கேட்டேன். "அது பாட்டுக்கு இருக்கட்டும். இன்னொன்னு இருக்குல்ல?" என்றார்.

இன்னொன்று இருந்தது. ஆனால் அதுவும் உண்மை என்று இன்னும் தெரியாது. கடிகாரக் கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் கெட்டிக்கார மோசடிக்காரன் இருக்கவே மாட்டானா? இதை நம்பித் திருச்சியில் வரவில்லை என்று எழுதிக் கொடுத்து, பிறகு இதுவும் காற்றாகப் போனால், சென்னையும் இல்லை, இதுவும் இல்லை. மாத முடிவுக்கு ஒரு வாரம்கூட இல்லை.

எனவே எனக்கு மின்னஞ்சல் அனுப்பியவர்களைக் கேட்காமல் கம்பெனியைத் தனியாகத் தேடினேன். அவர்கள் கொடுத்த இணைப்பைத் தொடாமல், நானே பெயரைத் தட்டச்சு செய்து அவர்களுடைய இணையதளத்துக்குப் போனேன். வேலை அறிவிப்பு அங்கேயும் இருந்தது. எனக்கு வந்த மின்னஞ்சல் முகவரியின் பின்பாதி அந்தத் தளத்தின் பெயராகவே இருந்தது, எழுத்துக்கு எழுத்து. முத்திரைக் கம்பெனியின் ஆள் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறக்கக்கூடிய முகவரியிலிருந்து எழுதியிருந்தான்.

தளத்தின் மூலையில் "உதவி வேண்டுமா?" என்று ஒரு சிறிய பெட்டி இருந்தது. அன்று இரவு எட்டு மணிக்கு ஒரு கேள்வி போட்டேன். இரண்டே நிமிடத்தில் ஒரு ஆள் வந்தார். எனக்கு எழுதிய அம்மாளின் பெயரைச் சொல்லி, இவர் உங்களிடம் வேலை செய்கிறாரா, ஆள் எடுக்கிறீர்களா என்று கேட்டேன். "ஆமாம், பக்கத்து மேசைதான். நேற்று நேரம் தவறிய பெண் நீங்களா?" என்று பதில் வந்தது. மறுநாள் காலை, மதியச் சாப்பாட்டுக்கு முன் மறுபடி ஒரு கேள்வி போட்டபோது, "இப்போது யாரும் இல்லை, காலை ஒன்பது மணிக்கு வருவோம்" என்று இயந்திரம் பதில் சொன்னது.

மாமாவிடம் சொன்னேன். "அந்தக் கம்பெனி ராத்திரியில தூங்குது மாமா."

"தூங்குற கம்பெனிய நம்பிச் சேரப் போறியாக்கும்?"

"தூங்குறதாலதான் நம்புறேன்."

மாமா கொஞ்சம் யோசித்தார். "நான் அங்க இருக்கையில, சாயந்தரம் ஆறு மணிக்கு ஒங்க அம்மாவுக்குப் போன் போடுவேன். இங்க எட்டரை ஆயிருக்கும். அவ சோறு வடிச்சிட்டு உக்காந்திருப்பா. என்னைக்காச்சும் நேரம் தப்பிக் கூப்பிட்டா, ஏன்டா ஒடம்பு கிடம்பு சரியில்லையான்னு பதறிப்போவா." பிறகு, "லீவு யாரு கணக்குன்னு கேளு. நமக்குப் பொங்கலுக்கு உண்டான்னு கேளு. நான் அதக் கேக்காமப் போயி, பொங்கலன்னிக்கு சிமென்ட் மூட்டை எண்ணுனேன்," என்றார்.

வியாழக்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்து வீட்டில் இருந்தேன். ஆறு இருபத்தைந்துக்கே இணைப்பைத் திறந்து வைத்தேன். ஆறரைக்கு ஒரு நடுவயது அம்மாள் காபிக் கோப்பையோடு தோன்றினார். பின்னால் அவர் நாய் படுத்திருந்தது. என் வேலையைப் பற்றி நிறையக் கேட்டார். பிறகு எனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். நான் மூன்று கேள்வி வைத்திருந்தேன்.

"எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம் என்று போட்டிருக்கிறீர்கள். எந்த நேரத்தில் வேண்டுமானாலும் செய்யலாமா?"

அவர் சிரித்தார். "இதுவரை எங்கிருந்து வேண்டுமானாலும் என்றால் பக்கத்து மாநிலம் என்றுதான் அர்த்தமாக இருந்தது. உலகத்தின் உங்கள் பக்கத்திலிருந்து நீங்கள்தான் முதல் ஆள்." பிறகு, நவம்பரையும் லீவையும் பற்றிய மற்ற இரண்டு கேள்விக்கும் சேர்த்து வெளிப்படையாகவே சொன்னார். அவர்களுடைய காலை ஒன்பதிலிருந்து மதியம் ஒன்று வரை நான் கட்டாயம் இருக்க வேண்டும், மருத்துவமனைகள் அதிகமாகக் கூப்பிடுவது அப்போதுதான். அது எனக்கு மாலை ஆறரையிலிருந்து பத்தரை. மீதி நான்கு மணி நேரத்தை என் வசதிப்படி வைத்துக்கொள்ளலாம். நவம்பரில் கடிகாரம் மாறும்போது அந்தக் கட்டாய நேரம் ஏழரையிலிருந்து பதினொன்றரை ஆகும், அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும். விடுமுறை அவர்களுடைய பண்டிகைக் கணக்கில். எனக்குச் சில நாட்களை மாற்றிக் கேட்கலாம், பொங்கலுக்குத் தருவார். ஒப்பந்த வேலை, நான் பில் அனுப்பச் சம்பளம் வரும். பி.எஃப். கிடையாது.

"இன்னொன்றையும் சொல்ல வேண்டும்," என்றார். "முடிவுகளை நாங்கள் பெரும்பாலும் மதியக் கூட்டத்தில் எடுக்கிறோம். அப்போது நீங்கள் தூங்கிக்கொண்டிருப்பீர்கள்."

அதைக் கேட்டபோது பிற எல்லாவற்றையும்விட அதுதான் எனக்குத் தைத்தது. இரவு வேலை பற்றி எல்லோரும் பயமுறுத்துவார்கள். கண் கெடும், உடம்பு கெடும் என்பார்கள். நீ இல்லாத அறையில் உன்னைப் பற்றிய முடிவு எடுக்கப்படும் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் மோசடிக்காரன் எனக்குக் கெட்ட செய்தி ஒன்றுகூடச் சொல்லவில்லை என்பதும் அப்போதே நினைவுக்கு வந்தது.

பிறகு ஒரு பரீட்சை. பரீட்சைக்கும் கூலி உண்டு என்றார். நான்கு மருத்துவமனைகளின் புகார்கள், மறுநாள் காலை என் நேரத்தில், அவர்கள் யாரும் விழித்திராதபோது பதில் எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் உட்கார்ந்தேன். முதல் புகாருக்கு நான் எழுதியது, திருச்சியில் எழுதுவது மாதிரி, "எந்தப் பக்கத்தில் பிழை வருகிறது, சொல்லவும்" என்று ஒரு வரி. அனுப்பப் போகும்போது கை நின்றது. இதை அவர்கள் தங்கள் காலையில் பார்ப்பார்கள். பதில் சொல்வார்கள். நான் அதை என் அடுத்த காலையில் எடுத்துத் தீர்வு எழுதினால், அதை அவர்கள் அதற்கு மறுநாள் காலைதான் படிப்பார்கள். ஒரு வரிக் கேள்விக்கு இரண்டு நாள். அதுவரை அங்கே ஒரு நாய் ஊசி இல்லாமல் இருக்கும்.

அழித்துவிட்டு நீளமாக எழுதினேன். இப்படி இருந்தால் இதைச் செய்யுங்கள், அது இல்லை என்றால் அதைச் செய்யுங்கள், இரண்டும் இல்லை என்றால் இந்த இரண்டு திரைகளைப் படம் எடுத்து அனுப்பிவையுங்கள். எல்லாக் கேள்வியையும் ஒரே கடிதத்தில் கேட்டேன். கடைசிப் புகார் மேற்குக்கரையில் இருந்த ஒரு மருத்துவமனையினுடையது. நினைவூட்டல் செய்திகள் நாய் வளர்ப்பவர்களுக்கு அதிகாலை ஐந்து மணிக்குப் போகின்றன, எல்லோரும் திட்டுகிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காலை எட்டு மணிக்கு என்று குறித்திருக்கிறார்கள், ஆனால் மென்பொருளில் ஊர் நேரம் கிழக்குக்கரை என்று இருக்கிறது. கிழக்கில் எட்டு, மேற்கில் ஐந்து. சுவர்க் கடிகாரத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால் இதைக் கண்டுபிடிக்க எனக்கு மதியம் ஆகியிருக்கும்.

சனிக்கிழமை காலை எழுந்தபோது, அவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பிய ஒப்பந்தம் காத்திருந்தது. வெள்ளிக்கிழமை அவர்கள் வேலை செய்கிறார்கள் என்பதை மாமாவிடம் தவறாமல் சொன்னேன். ஒப்பந்தத்தை அவரும் நானும் வரிவரியாகப் படித்தோம். டெபாசிட் இல்லை, ஒரிஜினல் கேட்கவில்லை. ஆதார், பான் நகல்கள் கையெழுத்தான பிறகு, சம்பளக் கணக்குக்கு மட்டும். ஒருவர் விலக இரு தரப்புக்கும் ஒரே அளவு அவகாசம்.

"முத்திரை இல்லயே," என்றார் மாமா ஒருமுறை, பழக்கத்தில். பிறகு அவரே, "சரி, போடு," என்றார்.

திங்கட்கிழமை திருச்சியில் வரவில்லை என்று எழுதிக் கொடுத்தேன். மேனேஜர் காரணம் கேட்டார். சொன்னேன். சுவரைக் காட்டி, அமெரிக்கக் கடிகாரம் ஒரு மணி நேரம் தப்பு சார் என்றும் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "மூடப் போற ஆபீஸ்தானேம்மா," என்றார்.

இனி மிச்சம் இருந்தது அம்மா. எங்கள் வீட்டில் ஒரே ஒரு கூடம், ஒரே ஒரு டி.வி. மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை அந்தக் கூடத்தில் அம்மாவுடைய சீரியல்கள் வரிசையாக ஓடும்.

"ஒலகத்துல எத்தன மணி இருக்கு," என்றார் அம்மா. "அமெரிக்காக்காரனுக்கு என் சீரியல் நேரத்துலதான் விடியணுமா?"

"ஹெட்போன் வாங்கித் தாரேம்மா."

"நான் எதுக்குடி மாட்டணும்? நீ மாட்டு. இல்ல, அவனுகள மாட்டச் சொல்லு."

பேரம் இரண்டு நாள் நடந்தது. முடிவில் டி.வி. சமையலறைக்குப் போனது, நான் கூடத்தில். மாமா கடையிலிருந்து ஒரு பலகைத் தடுப்பும், கரண்ட் போனால் இன்டர்நெட் நிற்காமல் இருக்க ஒரு சிறிய பேட்டரியும் கொண்டுவந்து கொடுத்தார். நவம்பரில் எல்லாம் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும் என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் அவருடைய ஏழரை மணி சீரியலின் கதை முடியட்டும், நவம்பருக்குள் முடிந்துவிடும் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

வருகிற திங்கள் முதல் வேலை. காலையில் நான்கு மணி நேரம் இரவில் வந்து குவிந்த புகார்களுக்கு ஒரே கடிதத்தில் முடிகிறாற்போல் பதில் எழுதுவது, மாலையில் நான்கு மணி நேரம் போன் எடுப்பது, நடுவில் தூங்குவது என்று வைத்திருக்கிறேன். இது உடம்புக்கு ஒத்துவருமா என்று தெரியவில்லை. முதல் வாரத்திலேயே அந்த அம்மாளிடம் ஒன்று கேட்கப் போகிறேன். வாரத்தில் ஒரே ஒரு மதியக் கூட்டத்தை, நவம்பர் வரைக்குமாவது, உங்கள் காலை ஒன்பது மணிக்குக் கொண்டுவர முடியுமா என்று. எனக்கு ஆறரை. இந்த முறை நான் முன்னதாகவே வந்து உட்கார்ந்திருப்பேன்.